டேட்டா சஃபிஷியன்சி: கேட்காத விடையைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற பிள்ளைகள்

கரும்பலகை · ஜூன் 4, காலை 7.10

ஒரு கேள்வியும் இரண்டு கூற்றும் கொடுத்து, ஒரே விடைக்கு வர அந்தக் கூற்றுகள் தனியாகவோ சேர்ந்தோ போதுமா போதாதா என்று மட்டும் கேட்கிற கணக்கில், பிள்ளைகள் உட்கார்ந்து முழு விடையையும் கண்டுபிடிக்கிறார்கள். நேரம் போகிறது என்பது சின்னக் குறை. விடை கண்டுபிடித்ததாலேயே தப்பாகக் குறிக்கிறார்கள் என்பதுதான் என் வாதம். நேற்று வகுப்பில் கொடுத்தது இது:

ஒரு வண்டியில் 7 கிலோ பெட்டிகளும் 11 கிலோ பெட்டிகளும் மட்டும் இருக்கின்றன. இரண்டு வகையிலும் குறைந்தது ஒன்றாவது உண்டு. 7 கிலோ பெட்டிகள் எத்தனை?
(1) பெட்டிகளின் மொத்த எடை 100 கிலோ.
(2) மொத்தம் 12 பெட்டிகள்.

முக்கால்வாசிப் பேர் "இரண்டும் சேர்ந்தால் போதும்" என்று குறித்தார்கள். ரஃப் தாளை வாங்கிப் பார்த்தேன். அழகாக இரண்டு சமன்பாடு எழுதி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, x = 8, y = 4 என்று கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். கணக்கில் ஒரு பிழை கிடையாது. குறித்த ஆப்ஷன் மட்டும் தப்பு.

இந்தப் பழக்கத்தை எப்படி உடைக்கிறீர்கள்? பாடம் நடத்துபவர்கள், எழுதியவர்கள், எழுதப்போகிறவர்கள் எல்லாரும் சொல்லலாம்.

வேகமணி · ஜூன் 4, காலை 7.32

சார், இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை? தெரியாதது ரெண்டு, சமன்பாடு ரெண்டு. ஒண்ணு ஒண்ணா எடுத்தா போதாது, சேர்த்தா போதும். பத்து விநாடி வேலை. நான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிறது இதுதான்: எண்ணிப் பாரு, தீர்க்காதே. உங்க பசங்க குறிச்சது சரி, ஆனா தீர்த்தது வீண்.

அரைத்தூக்கம் · ஜூன் 4, காலை 8.05

நானும் அதைத்தான் குறிச்சிருப்பேன். x = 8 வந்துச்சே, அப்புறம் எங்கே தப்பு?

கரும்பலகை · ஜூன் 4, மதியம் 1.20

வேகமணி, பத்து விநாடியில் தப்பு செய்வதற்கு நல்ல வழி சொல்லியிருக்கிறீர்கள். அரைத்தூக்கம், கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

முதல் கூற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதைக் கையால் மூடிவிடுங்கள். 100 கிலோவில் 11 கிலோ பெட்டி ஒன்று என்றால் மீதி 89. இரண்டு என்றால் 78. மூன்று என்றால் 67. நான்கு என்றால் 56. முதல் மூன்றும் 7-ஆல் வகுபடாது. 56 வகுபடும். ஆக 7 கிலோ பெட்டி 8, 11 கிலோ பெட்டி 4. இதுவரைக்கும் செய்தது தீர்ப்பது. இங்கே நிறுத்தினால் "போதும்" என்றும் சொல்ல முடியாது, "போதாது" என்றும் சொல்ல முடியாது.

தீர்மானிக்கிற வேலை இதற்கு அப்புறம்தான் வருகிறது. மொத்த எடை மாறாமல் இந்தப் பெட்டிகளை வேறு மாதிரி அடுக்க முடியுமா? பதினொன்று 7 கிலோ பெட்டிகளை இறக்கினால் 77 கிலோ குறையும். அந்த இடத்தில் ஏழு 11 கிலோ பெட்டிகளை ஏற்றினால் அதே 77 திரும்ப வரும். 7-க்கும் 11-க்கும் பொதுக் காரணி இல்லாததால் இதைவிடச் சின்ன மாற்று கிடையாது. நம்மிடம் 7 கிலோ பெட்டி எட்டுதான் இருக்கிறது, பதினொன்றை இறக்க முடியாது. எதிர்த் திசையில் ஏழு 11 கிலோ பெட்டிகளை இறக்க வேண்டும், இருப்பது நாலு. இரண்டு பக்கமும் அடைத்துவிட்டது. வேறு அடுக்கு இல்லை. முதல் கூற்று மட்டுமே போதும்.

இரண்டாவது கூற்று மட்டும் என்றால் 1-11, 2-10, 3-9 என்று எதுவும் வரலாம், போதாது. விடை: முதல் கூற்று மட்டும் போதும், இரண்டாவது மட்டும் போதாது.

x = 8 என்று கட்டம் போட்ட பிள்ளையிடம் "வேறு எட்டு உண்டா?" என்று யாரும் கேட்கவில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. மதிப்பு கிடைத்ததும் வேலை முடிந்த திருப்தி வந்துவிடுகிறது.

வேகமணி · ஜூன் 4, மதியம் 1.41

இது குயுக்தி கேள்வி சார். முழு எண் வந்தா மட்டும் விதிவிலக்கு. அதையும் விதியிலே சேர்த்துக்கிட்டா ஆச்சு: பொருளை எண்ணுற கணக்குன்னா ஒரு சமன்பாடே போதும். முடிஞ்சுது.

கரும்பலகை · ஜூன் 4, மாலை 6.15

100-ஐ அடித்துவிட்டு 177 என்று போடுங்கள். அதே வண்டி, அதே பெட்டிகள். 8-ம் 11-ம் சரிவரும்: 56 + 121. இப்போது 11 கிலோ பெட்டிகள் பதினொன்று இருப்பதால் ஏழை இறக்கலாம். 19-ம் 4-ம் வரும்: 133 + 44. அதுவும் 177. இரண்டு அடுக்கு இருக்கிறது, முதல் கூற்று போதாது. இரண்டாவது கூற்றில் 19 பெட்டிகள் என்று கொடுத்தால், உங்கள் "சேர்த்தால் போதும்" சரியாகிவிடும்.

எண்ணுகிற கணக்கு, ஒரே ஒரு சமன்பாடு. ஓர் எண்ணை மாற்றினால் ஆப்ஷனே மாறுகிறது. இதற்கு எந்த விதியை எழுதப் போகிறீர்கள்?

வேகமணி · ஜூன் 4, மாலை 6.40

எடை கம்மியா இருந்தா ஒரே விடை, அதிகமா இருந்தா பல விடை. விதி ரெடி.

கரும்பலகை · ஜூன் 4, மாலை 6.58

95 கிலோ. போட்டுப் பாருங்கள்.

வேகமணி · ஜூன் 4, மாலை 7.26

12, 1. அப்புறம் 1, 8. ரெண்டு வருது. 100-ஐ விடக் கம்மி, ஆனா ரெண்டு விடை. சரி சார், இன்னைக்கு இது போதும்.

சாம்பிள்காரி · ஜூன் 4, இரவு 9.02

தலைப்பைப் பார்த்து ஓடி வந்தேன். எங்கள் கருத்துக்கணிப்புக்குத் தரவு போதுமா என்று ஒரு வாரமாகச் சண்டை. பெரிய கூட்டத்தில் 95 சதவீத நம்பிக்கை, கூட்டிக் குறைத்து 5 சதவீதப் பிழை என்றால் 385 பேர் என்று சூத்திரம் சொல்கிறது. மேலதிகாரி 200 போதும் என்கிறார். நீங்கள் எல்லாம் பெட்டி எடை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள், இதில் எங்கள் கணக்கு எங்கே வரும்?

பழைய மாணவி · ஜூன் 4, இரவு 9.20

அது வேற கடை மேடம். உங்களோடது எவ்வளவு தரவு இருந்தா நம்பலாம்னு பார்க்கிறது. இது தேர்விலே வர்ற கேள்வி வகை: ஒரு கேள்வி, ரெண்டு கூற்று, அதை வெச்சு ஒரே ஒரு விடைக்கு வந்து சேர முடியுமா முடியாதா, அவ்வளவுதான். ஆனா உங்க மேலதிகாரிகிட்ட 200 பேர்னா பிழை கிட்டத்தட்ட 7 சதவீதம் ஆகும்னு சொல்லிப் பாருங்க.

சாம்பிள்காரி · ஜூன் 4, இரவு 9.31

சொல்லியாயிற்று. "7 நல்ல நம்பர்தானே" என்றார். சரி, வந்தது வந்தேன், பெட்டிக் கணக்கைப் படித்துவிட்டுப் போகிறேன்.

அரைத்தூக்கம் · ஜூன் 5, அதிகாலை 12.48

என் கதை வேற. எனக்கு எதையும் பாதியிலே விட முடியாது. ரெண்டு சமன்பாடு வெவ்வேறன்னு பார்த்த உடனே தெரிஞ்சாலும், மதிப்பு என்னன்னு பார்க்காம அடுத்த கேள்விக்குப் போனா மனசு அங்கேயே நிக்குது. மாக் டெஸ்ட்ல 3.7x + 2.9y = 41.3, 1.3x − 4.1y = 6 மாதிரி ஒண்ணு வந்துச்சு. x எவ்வளவுன்னு கேள்வி. கால்குலேட்டர் திரையிலேயே இருக்கு, தட்டாம இருக்க முடியல. தசமத்துல சறுக்கி, திரும்பத் தட்டி, அப்புறம் பார்த்தா கடைசி நாலு கேள்வியைப் படிக்கவே நேரம் இல்ல.

பழைய மாணவி · ஜூன் 5, காலை 6.50

தம்பி, எம்பிஏ சேர எழுதுற ஜிமேட் தேர்வா? 2023 நவம்பரில் வந்த புது வடிவத்துல இந்த வகையை குவான்ட்ங்கிற கணக்குப் பகுதியிலேருந்து எடுத்து டேட்டா இன்சைட்ஸ்ங்கிற பகுதியில போட்டுட்டாங்க. 20 கேள்வி, 45 நிமிஷம். சராசரியா ஒண்ணுக்கு ரெண்டேகால் நிமிஷம். ஆனா அதே பகுதியிலே அட்டவணை, வரைபடம், மூணு தாவல்ல கொட்டிக் கிடக்கிற தகவல்னு படிக்கவே நேரம் தின்னுற கேள்விகளும் இருக்கு. மிச்சம் பிடிக்கிற இடம் இந்தப் போதுமா-போதாதா கேள்விகள்தான். நீ இங்கேயே செலவழிச்சா அங்கே கடன்.

கால்குலேட்டர் இருக்கிறது அந்த அட்டவணைக்காக. உன் கேள்விக்கு அதைத் தொடவே வேண்டாம். முதல் சமன்பாட்டுல ரெண்டு கெழுவும் கூட்டல். ரெண்டாவதுல ஒண்ணு கூட்டல், ஒண்ணு கழித்தல். ஒண்ணை எந்த எண்ணால பெருக்கினாலும் இன்னொண்ணு வராது. ஆக ரெண்டு கோடும் ஒரே ஒரு இடத்துல வெட்டும், x ஒண்ணுதான். அந்த இடம் எதுன்னு யாரும் கேட்கல. தனித்தனியா எடுத்தா, x-ம் y-ம் எந்த எண்ணாகவும் இருக்கலாம்னா, ஒவ்வொண்ணும் போதாது.

வேகமணி · ஜூன் 5, காலை 7.05

ஆஹா, என் விதி இங்கே ஜெயிச்சுது பாருங்க.

கரும்பலகை · ஜூன் 5, காலை 7.44

ஜெயித்தது. x-ம் y-ம் எந்த எண்ணாகவும் இருக்கலாம், கேட்டது x-ஐத்தான், இரண்டு சமன்பாடும் ஒன்றின் நகல் அல்ல. இந்த மூன்றும் இருந்ததால் ஜெயித்தது. பெட்டிக் கணக்கில் முதலாவது இல்லை. கேட்டது x + y ஆக இருந்து ஒரு கூற்றில் 5x + 5y = 60 என்று வந்தால் இரண்டாவது இல்லை, ஒரே சமன்பாடு போதும். 2x + 3y = 18, 4x + 6y = 36 என்று வந்தால் மூன்றாவது இல்லை, இரண்டு இருந்தும் போதாது. விதியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. எதன்மேல் நிற்கிறது என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கரும்பலகை · ஜூன் 5, காலை 7.51

அரைத்தூக்கத்தின் பிரச்சினையும் என் வகுப்புப் பிள்ளைகளின் பிரச்சினையும் ஒன்றல்ல என்று இப்போது தோன்றுகிறது. அவருக்கு முடிவு முன்பே தெரிகிறது, ஆனாலும் தீர்க்கிறார். அது நேரத்தை மட்டும் தின்னும். என் பிள்ளைகள் தீர்த்ததையே முடிவு என்று நினைக்கிறார்கள். அது மதிப்பெண்ணைத் தின்னும். நேற்று இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டேன், பிரித்துப் பேசுவது நல்லது.

நிதானம் · ஜூன் 5, காலை 10.30

நான் எதிர்க்கட்சி. தீர்ப்பதில் ஒரு லாபம் இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. நல்ல தேர்வுகளில் இரண்டு கூற்றும் ஒரே சூழலைப் பற்றித்தான் பேசும், ஒன்றோடொன்று முரண்படாது. பெட்டிக் கணக்கில் முதல் கூற்று 8 என்று கொடுத்தது. 12 பெட்டி என்ற இரண்டாவது கூற்றில் 8-4 பொருந்துகிறது. பொருந்தவில்லை என்றால் நான் எங்கோ சறுக்கியிருக்கிறேன் என்று உடனே தெரிந்துவிடும். விடையே காணாதவனுக்கு இந்த எச்சரிக்கை மணி கிடையாது.

கரும்பலகை · ஜூன் 5, காலை 11.02

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அந்த மணியே ஆபத்து. அதைக் கேட்பதற்காக முதல் கூற்றின் விடையைக் கையில் பிடித்துக்கொண்டே இரண்டாவதற்குப் போகிறார்கள். போனவர்கள் அதைக் கீழே வைப்பதில்லை. இதைப் பாருங்கள்:

n ஒரு முழு எண். n, 6-ஆல் வகுபடுமா?
(1) n + 3, 6-ஆல் வகுபடும்.
(2) n, 3-ஆல் வகுபடும்.

யாராவது செய்யுங்கள். நான் மாலை வருகிறேன்.

அரைத்தூக்கம் · ஜூன் 5, மதியம் 2.17

(1) n = 3, 9, 15, 21. எதுவும் 6-ஆல் வகுபடாது. இல்லைன்னு வருதே, அப்போ முதல் கூற்று போதாது. (2) 3, 9, 15 எல்லாம் 3-ஆல் வகுபடுது, 6-ஆல் வகுபடல. அதுவும் போதாது. சேர்த்தாலும் அதே. ரெண்டும் சேர்ந்தாலும் போதாது.

சாம்பிள்காரி · ஜூன் 5, மதியம் 2.40

எனக்கு இரண்டும் தனித்தனியே போதும் என்று வருகிறது. இரண்டிலும் "இல்லை" என்று உறுதியாகத் தெரிகிறதே.

வேகமணி · ஜூன் 5, மதியம் 2.44

ஒரே மாறி, ரெண்டு கூற்று. எண்ணிப் பார்த்துச் சொல்ல முடியல. விடுமுறை.

கரும்பலகை · ஜூன் 5, மாலை 6.30

அருமை. நான் காட்ட நினைத்த இரண்டு வழுக்கலையும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்.

அரைத்தூக்கம்: முதல் கூற்றுப்படி n-ஐ 6-ஆல் வகுத்தால் எப்போதும் மீதி 3. ஆகவே எப்போதும் வகுபடாது. கேள்வி "வகுபடுமா?" பதில் "வகுபடாது." சந்தேகமே இல்லாத பதில். சந்தேகமே இல்லாததுதான் "போதும்". உங்கள் தாளில் "இல்லை" என்ற சொல் விழுந்ததும் கை தானாகப் "போதாது" பக்கம் போய்விட்டது. இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள். தீர்க்கிறவர்களுக்கு இந்தச் சறுக்கல் அதிகம், ஏனென்றால் அவர்கள் கையில் இருப்பது அந்தக் கணக்கின் பதில் மட்டும்தான்.

சாம்பிள்காரி, முதல் கூற்றை நீங்கள் சரியாகப் பிடித்தீர்கள். இரண்டாவதில் 3, 9, 15 என்று யார் சொன்னது? 3-ஆல் வகுபடும் எண்களில் 6 இல்லையா, 12 இல்லையா? நீங்கள் இருவருமே முதல் கூற்றின் பட்டியலை இரண்டாவதிலும் தொங்கவிட்டிருக்கிறீர்கள். இரண்டாவது மட்டும் என்றால் 3 என்பது "வகுபடாது" என்கிறது, 6 என்பது "வகுபடும்" என்கிறது. இரண்டு பதில் வந்ததால் போதாது. விடை: முதல் கூற்று மட்டும்.

நிதானம், நான் சொன்ன ஆபத்து இதுதான்.

நிதானம் · ஜூன் 5, மாலை 7.12

பட்டியல் தொங்கியது உண்மை. அதற்கு மருந்து தீர்க்காமல் இருப்பது அல்ல. இரண்டாவது கூற்றிலிருந்து தொடங்குவது, அல்லது நடுவில் ஒரு கோடு போட்டு இடப்பக்கம் எழுதியதை மறைத்துவிடுவது. எந்தக் கூற்று எளிதோ அதை முதலில் எடுக்க யார் தடுத்தார்கள்? இங்கே இரண்டாவதை முதலில் எடுத்திருந்தால் 3, 6 என்று இரண்டே எண்ணில் தள்ளியிருக்கலாம்.

சாம்பிள்காரி · ஜூன் 5, இரவு 8.05

அந்தக் கோடு எனக்குப் பிடித்திருக்கிறது. நம் ஆட்களுக்கும் போட வேண்டும்.

ஆறாங்கட்டை · ஜூன் 6, காலை 9.15

கொஞ்சம் விலகிப் போகிறேன். இந்த நோய் சின்ன வயதிலேயே வருகிறது. 1979-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கொடுத்தார்கள். "ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கேப்டனின் வயது என்ன?" 97 பேரில் 76 பேர் கொடுத்த எண்களை வைத்தே ஒரு வயதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எண் கொடுத்தால் கணக்குப் போட வேண்டும் என்பதுதான் பள்ளியின் எழுதாத சட்டம். அந்த 76 பேர் வளர்ந்து உங்கள் வகுப்புக்கு வந்திருக்கிறார்கள்.

வேகமணி · ஜூன் 6, காலை 9.22

36. நடுத்தர வயசு கேப்டன்.

கரும்பலகை · ஜூன் 6, காலை 9.50

அங்கே தரவே இல்லாத இடத்தில் விடை காண்கிறார்கள். இங்கே தரவு இருக்கும் இடத்தில் விடையோடு நின்றுவிடுகிறார்கள். உறவு உண்டு, ஆனால் ஒரே நோய் என்று சொல்ல எனக்குத் தயக்கம். கேப்டன் கேள்வியில் "தெரியாது" என்று எழுதினால் அடி விழும் என்ற பயமும் கலந்திருக்கலாம். நம் தேர்வில் "போதாது" என்பது அச்சடித்த ஆப்ஷன். பயப்பட ஒன்றுமில்லை, ஆனாலும் அந்தக் கடைசி ஆப்ஷனைக் குறிக்கப் பிள்ளைகள் கூசுகிறார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன்.

பழைய மாணவி · ஜூன் 6, காலை 10.08

கடைசி ஆப்ஷன்னு சொல்றதிலேயும் ஒரு குழி இருக்கு சார். ஜிமேட்ல அஞ்சு ஆப்ஷனோட வரிசை மாறவே மாறாது: முதலாவது மட்டும், ரெண்டாவது மட்டும், சேர்ந்தால், தனித்தனியே, சேர்ந்தாலும் போதாது. வேற தேர்வுகள்ல சேர்ந்தால்ங்கிறது கடைசியில இருக்கலாம், போதாதுங்கிறது நடுவுல இருக்கலாம். எழுத்தை மனப்பாடம் பண்ணிட்டுப் போய் வேற தேர்வுல உட்கார்ந்தா, தீர்மானம் சரியா இருந்தும் மார்க் போயிடும்.

அரைத்தூக்கம் · ஜூன் 6, இரவு 11.35

இருபடிச் சமன்பாடு வந்தா என்ன பண்றது? காரணிப்படுத்தாம எப்படித் தெரியும்? எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் "இருபடின்னா ரெண்டு விடை, அதனால எப்பவும் போதாது"ன்னு சொன்னார்.

கரும்பலகை · ஜூன் 7, காலை 6.40

வேகமணிக்கு ஒரு உறவுக்காரர் இருக்கிறார் போலிருக்கிறது.

x என்பது ஒரு குழுவில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை என்று வையுங்கள். கூற்று: x² − 5x − 24 = 0. காரணிப்படுத்த வேண்டாம். கடைசி எண்ணின் குறியை மட்டும் பாருங்கள். கழித்தல் 24. இரண்டு விடைகளின் பெருக்குத்தொகை அதுதான். பெருக்குத்தொகை கழித்தலாக இருந்தால் ஒன்று கூட்டல், ஒன்று கழித்தல். ஆட்களின் எண்ணிக்கை கழித்தலாக இருக்க முடியாது. மிஞ்சுவது ஒன்றே. அந்த ஒன்று முழு எண்ணாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் அப்படி ஒரு குழுவே இருந்திருக்காது. போதும். விடை 8 என்பது உங்களுக்குத் தேவையே இல்லை.

இப்போது கூற்று x² − 11x + 24 = 0 என்று இருந்தால்? பெருக்குத்தொகை கூட்டல், கூட்டுத்தொகை 11-ம் கூட்டல். உண்மையான விடைகள் இருந்தால் இரண்டுமே கூட்டல் எண்கள். இங்கே குறியோடு நிறுத்த முடியாது. 3-ம் 8-ம் என்று பிரித்துப் பார்த்தால் இரண்டும் முழு எண், இரண்டும் ஆட்களின் எண்ணிக்கையாக இருக்கலாம். போதாது. ஒரு கணக்கில் குறியைப் பார்த்ததும் முடிந்தது, அடுத்ததில் பாதி தூரம் தீர்க்க வேண்டியிருந்தது.

x² − 6x + 9 = 0 வந்தால் உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். இருபடிதான், ஆனால் 3-ஐத் தவிர வேறு விடை கிடையாது.

வேகமணி · ஜூன் 7, காலை 7.03

உறவுக்காரர் யாருன்னு தெரியும் சார், ஆனா சொல்ல மாட்டேன். பெட்டிக் கணக்கை விடாம போட்டுப் பார்த்தேன். 95-க்குக் கீழே எந்த எடைக்கும் ரெண்டு அடுக்கு வரவே மாட்டேங்குது. 154-க்கு மேலே எப்பவும் குறைஞ்சது ரெண்டு. நடுவுல கலவை: 95-க்கு ரெண்டு, 100-க்கு ஒண்ணு. சரியா?

கரும்பலகை · ஜூன் 7, காலை 7.30

முழுக்கச் சரி. மாற்றிப் போட வேண்டும் என்றால் குறைந்தது பன்னிரண்டு 7 கிலோ பெட்டியும் ஒரு 11 கிலோ பெட்டியும் வேண்டும், பதினொன்றை இறக்கினாலும் ஒன்று மிஞ்ச வேண்டுமே. அது 84 + 11 = 95. இன்னொரு எல்லையில், மாற்றவே முடியாத நிலையில் அதிகபட்சம் 7 கிலோ 11, 11 கிலோ 7. அது 77 + 77 = 154. அதற்கு மேல் ஏதாவது ஒரு பக்கம் இடம் கிடைத்துவிடும்.

அந்த 154-ஐயே எடுங்கள். கேள்வியில் "இரண்டு வகையிலும் குறைந்தது ஒன்றாவது உண்டு" என்ற வரி இருந்தால் 11-7 மட்டும், போதும். அந்த வரியை எடுத்துவிட்டால் 22-0, 11-7, 0-14 என மூன்று அடுக்கு, போதாது. பிள்ளைகள் சமன்பாட்டை எழுதும்போது முதலில் கைவிடுகிற வரி அதுதான். அது எண்ணாக இல்லை, அதனால் சமன்பாட்டுக்குள் போகாது. தீர்க்க உட்கார்ந்தவர் சமன்பாட்டை மட்டுமே பார்க்கிறார்.

கரும்பலகை · ஜூன் 9, இரவு 8.20

வகுப்பில் ஒன்று செய்து பார்த்தேன். ரஃப் தாளில் மதிப்பு எழுதவே கூடாது என்று தடை போட்டேன். வேறு நோய் வந்தது. "போதும் போல இருக்கு சார்" என்று கண்ணால் அளந்து குறிக்கிறார்கள். பெட்டிக் கணக்கில் 177 கொடுத்தபோது, 100-க்குப் போதும் என்றால் இதற்கும் போதும் என்று பலர் குறித்தார்கள். ஆக இந்த இழையின் முதல் குறிப்பில் நான் வைத்த வாதத்தை இப்போது அப்படியே சொல்ல மாட்டேன். தீர்ப்பது குற்றமல்ல, முதல் மதிப்போடு எழுந்து போவதுதான் கோளாறு.

இப்போது வேறு மாதிரி கேட்கிறேன். "போதாது" என்று குறிக்கிறவர் கூற்றுக்குப் பொருந்தி இரண்டு வெவ்வேறு பதிலைத் தருகிற இரண்டு எண்களை ஓரத்தில் எழுத வேண்டும். "போதும்" என்று குறிக்கிறவர் இரண்டாவது ஏன் வராது என்று ஒரே வரி எழுத வேண்டும். x என்ன என்று எழுதினாலும் எழுதாவிட்டாலும் எனக்குக் கவலையில்லை. "போதாது" பக்கம் சீக்கிரம் பழகிவிட்டார்கள். "போதும்" பக்கம் அந்த ஒரு வரிதான் வருவதில்லை. பாதிப்பேர் "ஏனென்றால் x = 8" என்று எழுதுகிறார்கள்.

நிதானம் · ஜூன் 9, இரவு 9.05

பயிற்சிக்கு இது நல்லது. தேர்வு அறையில் ரெண்டேகால் நிமிடத்தில் யார் காரணம் எழுதுவார்கள்? கடைசியில் பழக்கமாகிவிடும் என்பீர்கள், எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நெருக்கடியில் கை பழைய வேலைக்குத்தான் போகும், பழைய வேலை தீர்ப்பது.

அரைத்தூக்கம் · ஜூன் 10, இரவு 12.10

ஒரு பயிற்சித் தாளில் வந்தது. x எவ்வளவு? (1) 2x + 1 = 9. (2) 3x = 15. முதலாவது 4, ரெண்டாவது 5. தனித்தனியே போதும்னு விடை போட்டிருக்காங்க. சரியா?

நிதானம் · ஜூன் 10, காலை 6.15

கேள்வியே தப்பு. முரண்படுகிற கூற்றுகளைக் கொடுக்கக் கூடாது. தாளைத் தூக்கிப் போடுங்கள்.

பழைய மாணவி · ஜூன் 10, காலை 6.33

தப்புன்னு ஒத்துக்கிறேன், ஆனா தேர்வுல வந்தா என்ன குறிக்கிறது? ஒவ்வொண்ணும் தனியா ஒரே மதிப்பைத் தருது, அதனால தனித்தனியே போதும்னுதான் குறிப்பேன். கேள்வி எடுத்தவர் அதைத்தான் எதிர்பார்க்கிறார்.

நிதானம் · ஜூன் 10, காலை 6.41

கேள்வி எடுத்தவர் மனதைப் படிப்பது கணக்கு இல்லை. x ஒரே நேரத்தில் 4 ஆகவும் 5 ஆகவும் இருக்க முடியாது. இல்லாத ஒன்றைப் பற்றி எது போதும்?

வேகமணி · ஜூன் 10, காலை 6.50

தீர்க்காம விட்டிருந்தா இந்த முரண்பாடே தெரிஞ்சிருக்காது. ரெண்டும் ஒருபடிச் சமன்பாடு, தனித்தனியே போதும், அடுத்த கேள்வி. நிம்மதி.

கரும்பலகை · ஜூன் 10, காலை 8.12

வேகமணி சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை, பழைய மாணவியும் நிதானமும் சண்டையைத் தொடரலாம். அரைத்தூக்கம், அந்தத் தாளில் மற்ற கேள்விகளிலும் இரண்டு கூற்றும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். இந்த ஒருமுறை மட்டும் முழுக்கத் தீர்த்துப் பார்க்க அனுமதி.